இரண்டு பக்கமும் இழுக்கும் மரம்

"மாஸ்டர் தியரத்தின்படி விடை Θ(n log n)." அல்காரிதம் தாள் திருத்தும்போது இப்படி ஒற்றை வரியில் முடிந்துவிட்ட விடைகளை நிறையப் பார்த்திருக்கிறேன். விடை சில சமயம் சரியாகவே இருக்கும். ஆனால் எதை எதோடு ஒப்பிட்டார் என்பது தாளில் இல்லாதபோது முழு மதிப்பெண் போடக் கை வராது.

எதை ஒப்பிட வேண்டும் என்பது ஒரு பெருக்கலைப் பார்த்தால் புரிந்துவிடும். 1960-ல் மாஸ்கோவில் கோல்மோகரோவ் நடத்திய கருத்தரங்கில், n இலக்க எண்கள் இரண்டைப் பெருக்க n² அளவு வேலை இல்லாமல் முடியாது என்பது அவருடைய ஊகமாக முன்வைக்கப்பட்டது. இருபத்து மூன்று வயது மாணவர் கராட்சுபா ஒரு வாரத்துக்குள் அதைப் பொய்யாக்கினார்.

47-ஐ 36-ஆல் பெருக்குவோம். பள்ளி முறையில் நான்கு சிறு பெருக்கல்கள் வரும். கராட்சுபா மூன்றோடு நிறுத்தினார்: 4×3=12, 7×6=42, பிறகு (4+7)×(3+6)=99. இந்த 99-லிருந்து முதல் இரண்டையும் கழித்தால் 45 மிஞ்சும். இது நடு இடத்துக்கு. 1200+450+42=1692. எண்கள் நீளமாக இருந்தால் ஒவ்வொன்றையும் பாதியாக வெட்டி, அந்த மூன்று பெருக்கல்களையும் இதே முறையில் செய்யலாம். கூட்டல் கழித்தலுக்கு n அளவில் வேலை. இதைச் சமன்பாடாக எழுதினால் அதுதான் ரிகரன்ஸ்:

```
T(n) = 3T(n/2) + n
```

இதை மரமாக வரைந்து பாருங்கள். உச்சியில் வேலை n. அடுத்த மட்டத்தில் மூன்று கிளைகள், ஒவ்வொன்றிலும் n/2, மொத்தம் 1.5n. அதற்கடுத்து 2.25n. கீழே போகப் போக வேலை பெருகுகிறது. கடைசியில் தொங்கும் இலைகள் எத்தனை? பாதியாக்குவது log₂n முறை, ஒவ்வொரு முறையும் மூன்று மடங்கு; எனவே 3^(log₂n), அதாவது n^(log₂3), ஏறக்குறைய n^1.585. மாஸ்டர் தியரம் கேட்பதெல்லாம், உச்சியில் இருக்கும் f(n) பெரிதா, இலைகளின் எண்ணிக்கையான n^(log_b a) பெரிதா என்பதே. இலைகள் ஜெயித்தால் முதல் வகை, சமமானால் இரண்டாவது, உச்சி ஜெயித்தால் மூன்றாவது.

தாளில் அதை இப்படி எழுதலாம்: "a=3, b=2, f(n)=n. n^(log₂3)≈n^1.585. ε=0.5 எனக் கொண்டால் f(n)=O(n^(log₂3−ε)). ஆகவே முதல் வகை, T(n)=Θ(n^(log₂3))." நான்கே வரி. அந்த ε-ஐ விட்டுவிடுகிறவர்கள் அதிகம். எழுத மறந்த ஒரு குறிதான் என்று தோன்றும், ஆனால் அடுத்த கேள்வியில் அதுவே காலை வாரும்.

```
T(n) = 2T(n/2) + n log n
```

இங்கே இலைகள் n, உச்சி n log n. உச்சி பெரிதாக இருக்கிறதே, மூன்றாவது வகை, விடை Θ(n log n) என்று எழுதிவிடுவார்கள். தவறு. ஜெயிப்பு log அளவில் போதாது, n-இன் ஏதாவதொரு அடுக்கு அளவுக்காவது இருக்க வேண்டும். ε எவ்வளவு சிறிதாக இருந்தாலும், 0.01 ஆனாலும், n பெரிதாகும்போது n^ε ஒரு கட்டத்தில் log n-ஐத் தாண்டிவிடும். ஆகவே அடிப்படை மூன்று வகைகளில் இது எதிலும் அடங்காது. ε-க்கு ஒரு மதிப்பை எழுதிப் பார்க்கிறவருக்கு இது அந்த இடத்திலேயே தட்டுப்பட்டிருக்கும். (மூன்றாவது வகைக்கு a·f(n/b) ≤ c·f(n), c<1 என்று இன்னொரு நிபந்தனையும் உண்டு. அதைச் சரிபார்த்ததாக ஒரு வரி எழுத வேண்டும்.)

அப்போது மரத்துக்கே திரும்ப வேண்டியதுதான். n=2^k எனக் கொள்வோம். i-ஆவது மட்டத்தில் 2^i கணுக்கள்; ஒவ்வொன்றின் அளவும் n/2^i, அதன் log மதிப்பு k−i. மட்டத்தின் மொத்த வேலை n(k−i). n=8 என்றால் 8×3, 8×2, 8×1, ஆக 48. அதோடு எட்டு இலைகள். பொதுவாக இது n·k(k+1)/2 + n ஆகும்; k=log n என்பதால் விடை Θ(n log² n). கார்மென் முதலிய நால்வர் எழுதிய பாடநூலின் 2022 பதிப்பில் இரண்டாவது வகையே log அடுக்குகளையும் சேர்த்துக்கொண்டுவிட்டது. உங்கள் வகுப்பில் அந்த வடிவம் நடத்தியிருந்தால், அதைக் குறிப்பிட்டு ஒரே வரியில் முடிக்கலாம்.

T(n)=2T(n−1)+1 போன்ற கேள்வியைக் கண்டால் மாஸ்டர் தியரத்தைத் தொடவே வேண்டாம். அளவு வகுபடவில்லை, ஒன்றுதான் குறைகிறது. b என்று எழுத அங்கே எதுவுமே இல்லை. 2, 4, 8 என்று விரித்துக்கொண்டே போனால், T(0)=0 எனும்போது 2^n−1 வந்து நிற்கும். ஹனோய் கோபுரப் புதிரில் தட்டுகளை நகர்த்தும் கணக்கும் இதேதான்.