சீலா என்று கேட்டால் எந்த மீன் வரும்?

தூத்துக்குடிக்காரத் தோழி ஒருத்தியின் அம்மா வைக்கும் சீலா மீன் குழம்பை ஒருமுறை சாப்பிட்டேன். தேங்காய் அரைத்து ஊற்றி, புளி அளவாய் விட்டு வைத்த குழம்பு. துண்டு உடையாமல் வாழைப்பழம் போல வெந்திருந்தது. பக்குவத்தை எழுதி வாங்கிக்கொண்டு சென்னை வந்து, மறுவாரமே சந்தையில் சீலா கேட்டேன். எடுத்துக் கொடுத்தார்கள். வெட்டுவதற்கு முன் படம் எடுத்து அந்த அம்மாவுக்கு அனுப்பினேன். உடனே போன் வந்தது.

"யம்மா, இது ஊளில்லா! நான் சீலால்லா வாங்கச் சொன்னேன்."

விற்றவர் ஏமாற்றவில்லை. சென்னையில் சீலா என்றால் அந்த மீன்தான். தூத்துக்குடியில் சீலா என்பது சென்னைக்காரர்கள் வஞ்சிரம் என்று சொல்லும் மீன். சென்னையின் சீலாவுக்குத் தூத்துக்குடியில் ஊளி என்று பெயர். ஒரே மொழி, ஒரே கடற்கரையின் இரு முனைகள், ஒரே சொல். ஆனால் மீன் இரண்டு. விலையும் வேறு, சதையின் கட்டும் வேறு.

இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் குழப்பமே வராது. வஞ்சிரத்தின் வாலைப் பாருங்கள். இரண்டாவது முதுகுத் துடுப்புக்குப் பின்னால், வால் வரைக்கும், மேலும் கீழும் சின்னச் சின்னக் குட்டித் துடுப்புகள் வரிசையாக நிற்கும். ஊளிக்கு அவை கிடையாது. அதன் முதுகில் இரண்டே துடுப்புகள், ஒன்றுக்கொன்று வெகுதூரம் தள்ளி இருக்கும். கீழ்த்தாடை மேல்தாடையைத் தாண்டி நீட்டிக்கொண்டிருக்கும். துண்டு போட்ட பிறகு வாலும் தலையும் போய்விடுவதால்தான் சிக்கல். அப்போது தோலைத் தடவிப் பார்க்கலாம். வஞ்சிரத்தின் செதில்கள் மிக நுண்ணியவை, தோல் வழுவழுவென்று இருக்கும். ஊளியின் தோலில் செதில் இருந்த தடம் தெளிவாகத் தெரியும்.

இந்த ஒரு மீனுக்கு எத்தனை பெயர்கள் என்று கரையோடு நடந்து பார்த்தால் வியப்பாக இருக்கும். சென்னையில் வஞ்சிரம், ஆந்திரத்திலும் அதே சொல் கொஞ்சம் திரிந்து வஞ்சரம். தூத்துக்குடியில் சீலா. கன்னியாகுமரிக்குப் போனால் நெய்மீன், அப்படியே திருவனந்தபுரம் பக்கமும். கோழிக்கோட்டில் அய்க்கூற. மங்களூரில் அஞ்சல். மும்பையில் சுர்மை. யாழ்ப்பாணத்தார் அறக்குளா என்பார்கள். அவர்களுக்கும் சீலா உண்டு, ஆனால் அது நம் ஊளி. சிங்களத்தில் தோரா. மலேசியத் தமிழர்கள் மலாய்ச் சொல்லை எடுத்துத் தெங்கிரி என்கிறார்கள். ஆங்கிலத்தில் 'சீர் மீன்' என்று எழுதுவதற்கும் நம் சீருக்கும் சம்பந்தமில்லை. ரம்பத்தைக் குறிக்கும் போர்த்துக்கீசியச் சொல்லான 'செர்ரா'விலிருந்து வந்தது அது.

ஏன் இத்தனை? ஐஸும் லாரியும் வருவதற்கு முன் பச்சை மீன் எவ்வளவு தூரம் போயிருக்கும் என்று யோசித்தால் பாதி விடை கிடைத்துவிடும். காலையில் கரையேறிய மீன் சாயங்காலத்துக்குள் அடுப்பேறியாக வேண்டும். பிடித்தவரும் விற்றவரும் தின்றவரும் ஒரே வட்டாரம். தூத்துக்குடிக்காரரும் சென்னைக்காரரும் ஒரே மீனைக் காட்டிப் பெயரைப் பற்றிப் பேசிக்கொள்ளும் தேவையே எழவில்லை. அந்தந்தக் கரை தனக்குக் கண்ணில் பட்டதை வைத்துப் பெயரிட்டுக்கொண்டது. கொழுப்பு மினுமினுக்கும் சதையைக் கண்டவர்கள் நெய்மீன் என்றார்கள். ஒரே சாயலுள்ள இரண்டு மீன்களுக்குக் கரை மாறும்போது பெயரும் இடம் மாறியிருக்கிறது. நீண்ட உடம்பு, கத்தி போன்ற பல், வேகமாகப் பாய்ந்து மற்ற மீனைத் தின்னும் குணம் எல்லாம் வஞ்சிரத்துக்கும் ஊளிக்கும் பொது. சீலா என்ற சொல் இரண்டின் மேலும் உட்கார்ந்ததற்கு இதுதான் காரணமாக இருக்கும் என்பது என் ஊகம்.

வட்டாரப் பெயர் குழப்பமானது, அறிவியல் பெயர் துல்லியமானது என்று பாடப்புத்தகங்கள் சொல்வதை நான் அப்படியே ஏற்க மாட்டேன். கரைக்குள் நின்று கேட்டால் வட்டாரப் பெயர் மிகவும் நுட்பமானது. வாங்கித் தின்னும் நமக்கு எல்லாமே வஞ்சிரம்தான். தூத்துக்குடி மீனவருக்கோ கட்டையன் சீலா வேறு, நெட்டையன் சீலா வேறு. இந்தப் பெயர்களின் அமைப்பைக் கவனியுங்கள். குடும்பத்தைச் சொல்ல ஒரு சொல், அதற்குள் எது என்று காட்ட இன்னொரு சொல். கொம்பன் சுறா, பால் சுறா என்பதும் இதே முறைதான். சுவீடன் நாட்டு லின்னேயஸ் 1758ஆம் ஆண்டுப் பதிப்பில் விலங்குகள் அனைத்துக்கும் நிலைநாட்டிய இரட்டைப் பெயர் முறையும் இப்படித்தான் நிற்கிறது. முதல் சொல் பேரினம், இரண்டாவது சொல் இனம்.

வித்தியாசம் எங்கே என்றால், அறிவியல் பெயருக்குப் பின்னால் ஒரு பதிவு இருக்கிறது. வஞ்சிரக் கூட்டத்தில் மிகப் பெரிதாக வளர்வது ஸ்காம்பெரோமோரஸ் காமர்சன். உடம்பில் மேலிருந்து கீழாக அலையலையாய்ப் பட்டைகள் ஓடும், 2 மீட்டருக்கு மேலும் வளரும். காமர்சன் என்பவர் பிரெஞ்சு இயற்கை ஆய்வாளர். உலகைச் சுற்றிய கப்பலில் போனவர், தான் கண்டதை அச்சில் காணாமலே 1773இல் மொரீஷியஸில் இறந்துபோனார். அவருடைய கையெழுத்துக் குறிப்புகள் பாரிசுக்குப் போக, அவற்றைப் பயன்படுத்திய லசெபேத் 1800இல் இந்த மீனுக்கு அவர் பெயரையே வைத்தார். நூல்களில் இந்தப் பெயருக்குப் பின்னால் லசெபேத், 1800 என்று அடைப்புக்குறிக்குள் போட்டிருப்பார்கள். பெயர் வைத்தபோது மீன் வேறு பேரினத்தில் இருந்தது, பிற்பாடு இங்கே மாற்றப்பட்டது என்பதற்கு அந்த அடைப்புக்குறியே அடையாளம். சென்னையில் வேலை பார்த்த பிரான்சிஸ் டே இந்திய மீன்களைப் பற்றி 1870களில் எழுதிய பெரிய நூலில் இதே மீன் சைபியம் என்ற பேரினத்தின்கீழ் இருக்கிறது. ஆக, அறிவியல் பெயரும் மாறும். ஆனால் யார், எப்போது, எதிலிருந்து எதற்கு மாற்றினார்கள் என்று பின்னோக்கிப் போய்ப் பார்த்துவிடலாம். சீலா எப்போது இடம் மாறியது என்று அப்படிப் பார்க்க வழியில்லை.

இது வெறும் புத்தக விவகாரம் இல்லை. ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்போம். தூத்துக்குடியில் 10 டன் சீலா இறங்கியது என்று ஒருவர் எழுதுகிறார், சென்னையில் 10 டன் சீலா என்று இன்னொருவர் எழுதுகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். தலைமை அலுவலகத்தில் கூட்டினால் 20 டன் சீலா. அப்படி ஒரு மீனே கடலில் இல்லை. 10 டன் வஞ்சிரமும் 10 டன் ஊளியும்தான் இருந்தன. வஞ்சிரம் என்று மட்டும் எழுதினாலும் தீராது. பட்டை போட்ட பெரிய இனத்தோடு, உடம்பில் புள்ளி தெறித்த சிறிய இனமும் அதே கூடையில் கிடக்கும். அதன் பெயர் ஸ்காம்பெரோமோரஸ் குட்டாட்டஸ். குட்டாட்டஸ் என்றால் லத்தீனில் புள்ளி போட்டது. அது முக்கால் மீட்டரைத் தாண்டுவது அபூர்வம். அரை மீட்டர் நீளத்தில் அது முட்டையிடும் பருவத்தை எட்டிய மீன். அதே அரை மீட்டரில் பட்டை போட்டது இன்னும் குஞ்சு. எதைப் பிடிக்கலாம், எதை விடவேண்டும் என்று முடிவு செய்கிறவர்களுக்கு அளவு மட்டும் போதாது, இனமும் தெரிய வேண்டும்.

கூடையில் இரண்டையும் பிரித்துப் பார்க்க நான் கற்றுக்கொண்ட வழி உடம்பின் பக்கவாட்டில் ஓடும் மெல்லிய கோடு. பட்டை போட்ட மீனில் அது நேராக வந்து, இரண்டாவது முதுகுத் துடுப்பு முடியும் இடத்தை ஒட்டிச் சட்டென்று கீழே இறங்கும். புள்ளி மீனில் அந்தத் திடீர் இறக்கம் இல்லை, மெதுவாகச் சரியும். புள்ளியும் பட்டையும் மங்கிப்போன பழைய மீனிலும் கோடு தெரியும்.

புள்ளி மீனின் பெயருக்குப் பின்னால் நம் ஊர் ஒன்று இருக்கிறது. டேனிஷ்காரர்களிடம் இருந்த தரங்கம்பாடியில் 18ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஜான் என்ற பாதிரியார் இருந்தார். அவர் அங்கே கிடைத்த மீன்களைப் பெர்லினில் இருந்த பிளாக் என்ற மருத்துவருக்கு அனுப்பிக்கொண்டே இருந்தார். நன்றிக்கடனாகப் பிளாக் கத்தாழை மீன்களின் பேரினம் ஒன்றுக்கு ஜானியஸ் என்று பெயரிட்டார். அதில் ஓர் இனத்தின் பெயர் ஜானியஸ் கருட்டா. லத்தீன் உடை போட்டுக்கொண்டு நிற்கும் அந்தக் கருட்டா நம் 'கருத்த' கத்தாழைதான். பிளாக் இறந்தபின் 1801இல் ஷ்னைடர் வெளியிட்ட நூலில்தான் குட்டாட்டஸ் அறிமுகமாகிறது. ஊர்: தரங்கம்பாடி.

இருநூறு ஆண்டுகளுக்கு மேலான அந்த ஊர்க்குறிப்பு இன்றைக்கும் வேலை செய்கிறது. கொச்சியில் உள்ள மத்திய கடல்மீன் ஆராய்ச்சி நிறுவனத்தார் புள்ளி வஞ்சிரத்தை அண்மையில் மறுபடி ஆராய்ந்தபோது, ஒரே இனம் என்று எண்ணியிருந்தது மூன்று இனங்களாகப் பிரிந்தது. எதற்கு எந்தப் பெயர்? விதி எளிது. முதன்முதல் விவரித்தபோது எந்த மீன் கையில் இருந்ததோ, பழைய பெயர் அதற்கே சொந்தம். எனவே குட்டாட்டஸ் வங்கக் கடல் பக்கமே தங்கியது. அரபிக்கடல் மீனுக்கு முன்பு யாரும் தனிப்பெயர் வைக்காததால் அவிரோஸ்ட்ரஸ் என்று புதிதாக வைத்தார்கள்.

மூன்றாவதற்குப் புதுப்பெயர் தேவைப்படவில்லை. ஷா என்பவர் 1803இல் வைத்து, பின்னால் தேவையில்லை என்று ஒதுக்கப்பட்டிருந்த லியோபார்டஸ் என்ற பெயரையே மீட்டெடுத்தார்கள். ஷா அந்தப் பெயரை வைத்தது, விசாகப்பட்டினத்தில் மீன்களைப் படம் வரைந்து தொகுத்த பாட்ரிக் ரஸ்ஸல் அதே ஆண்டு வெளியிட்ட நூலை வைத்து. ரஸ்ஸல் லத்தீன் பெயர்களைத் தேடிப் போகவில்லை. கரையில் மீனவர்கள் சொன்னதைக் காதில் விழுந்தபடி எழுதி, படத்துக்குத் தலைப்பாகப் போட்டார். பட்டை போட்ட பெரிய மீனுக்கு அவர் எழுதியது கோணம். அந்தக் கரையில் இன்றும் அந்தப் பெயர் வழங்குகிறது. புள்ளி போட்டதற்கு அவர் எழுதிய பெயர் விங்கெரம். ஒருமுறை வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள், நம் வஞ்சிரம் கேட்கும்.