ஒரே ஒரு ஹைட்ரஜன்

புரோப்பியனால்டிஹைடு, அசிட்டோன் இரண்டுக்கும் மூலக்கூறு வாய்பாடு ஒன்றுதான்: C₃H₆O. இரண்டும் நிறமற்றவை, சட்டென்று ஆவியாகிறவை, எளிதில் தீப்பற்றுகிறவை. லேபிள் உரிந்துபோன இரண்டு பாட்டில்களில் இவை இருந்தால் எது எது என்று கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. முகர்ந்து பார்ப்பது ஆபத்து, அதை நம்பவும் முடியாது.

இரண்டிலும் ஒரு கார்பன் அணு ஆக்சிஜனோடு இரட்டைப் பிணைப்பில் இருக்கிறது. ஆல்டிஹைடில் அந்தக் கார்பனோடு ஒரு ஹைட்ரஜனும் ஒட்டியிருக்கும். கீட்டோனில் அதன் இரு பக்கமும் கார்பன்களே. ஹைட்ரஜன் இருக்கும் இடத்தில் ஆக்சிஜனேற்றம் எளிதாக நடந்து, ஆல்டிஹைடு அமிலமாக மாறிவிடும். கீட்டோனை அப்படி மாற்ற வேண்டுமானால் கார்பன்-கார்பன் பிணைப்பையே உடைக்க வேண்டும். மென்மையான வினைப்பொருளால் அது ஆகாது. இரண்டு சோதனைகளும் இந்த வேறுபாட்டைத்தான் பயன்படுத்துகின்றன.

முதலாவது, ஜெர்மானிய வேதியியலாளர் பெர்ன்ஹார்ட் டாலன்ஸ் பெயரால் வழங்கும் வெள்ளி ஆடிச் சோதனை. சில்வர் நைட்ரேட் கரைசல் இரண்டு மில்லி எடுத்து ஒரு சொட்டு சோடியம் ஹைட்ராக்சைடு விட்டால் பழுப்பாக வீழ்படிவு வரும். அது சில்வர் ஆக்சைடு. நீர்த்த அம்மோனியாவைச் சொட்டுச் சொட்டாக விட்டுக் குலுக்கிக்கொண்டே வந்து, பழுப்பு மறைந்து கரைசல் தெளிந்த அந்த நொடியிலேயே நிறுத்திவிட வேண்டும். அம்மோனியா கூடினால் வெள்ளி அயனிகள் அதன் பிடியில் இறுகிச் சோதனையின் கூர்மை குறைந்துவிடும்.

இந்தக் கரைசலை இரண்டு குழாய்களில் பிரித்து, ஒவ்வொரு பாட்டிலிலிருந்தும் மூன்று நான்கு சொட்டு விடுங்கள். தண்ணீரைச் சுமார் அறுபது டிகிரிக்குச் சூடாக்கி, அடுப்பை அணைத்த பிறகே குழாய்களை அதில் வையுங்கள். இந்தத் திரவங்களுக்கு அருகே தீ இருக்கக் கூடாது. குழாயை ஆட்டவும் வேண்டாம். சில நிமிடங்களில் ஒரு குழாயின் உட்சுவரில் மெல்லிய பழுப்பு படர்ந்து, பிறகு பளபளவென்று முகம் தெரியும் கண்ணாடியாகிவிடும். ஒவ்வொரு ஆல்டிஹைடு மூலக்கூறும் இரண்டு எலக்ட்ரான்களைக் கொடுத்து இரண்டு வெள்ளி அயனிகளை உலோகமாக்குகிறது. அசிட்டோன் இருக்கும் குழாய் தெளிவாகவே நிற்கும்.

ஆடிக்குப் பதில் கருமையான தூள் வந்தால் குழாய் அழுக்கு என்று பொருள். எண்ணெய்ப் பிசுக்கு இருந்தால் வெள்ளி சுவரில் ஒட்டாது. ஆனாலும் கரும்பொடியும் வெள்ளியே, ஆல்டிஹைடுக்கு அதுவும் சாட்சிதான். ஒன்றை மட்டும் மறக்கக் கூடாது. இந்தக் கரைசலை நாளைக்கு ஆகட்டும் என்று மூடி வைக்காதீர்கள். நின்றால் அதில் வெடிக்கும் வெள்ளிச் சேர்மம் உருவாகும். வேலை முடிந்ததும் நீர்த்த நைட்ரிக் அமிலம் விட்டு அன்றே அழித்துவிட வேண்டும்.

இரண்டாவது, ஹெர்மன் வான் ஃபெலிங் பெயரில் உள்ள செம்புக் கரைசல். ஒரு பாட்டிலில் மயில்துத்தக் கரைசல், இன்னொன்றில் ரோஷல் உப்பும் சோடியம் ஹைட்ராக்சைடும். கலந்து வைத்தால் கெட்டுவிடும் என்பதால் இவற்றைத் தனித்தனியே வைத்திருப்பார்கள். சம அளவில் கலந்தால் அடர்நீலம் வரும். செம்பு, ஹைட்ராக்சைடாக அடியில் தங்கிவிடாமல் காப்பது ரோஷல் உப்பு. புரோப்பியனால்டிஹைடு விட்டுக் கொதிநீரில் வைத்தால் நீலம் பச்சையாகி, செம்மஞ்சளாகி, கடைசியில் செங்கல் நிறத்தில் குப்ரஸ் ஆக்சைடு அடியில் படியும். அசிட்டோனில் நீலம் மாறாது.

வெள்ளியும் செம்பும் ஒரே தீர்ப்பைச் சொன்னால் சிக்கல் இல்லை. பென்சால்டிஹைடில் அவை முரண்படும். அது ஆல்டிஹைடுதான், வெள்ளி ஆடியையும் தரும்; ஆனால் ஃபெலிங் கரைசல் நீலமாகவே இருக்கும். வெள்ளி அயனியைவிடச் செம்பு அயனி ஆக்சிஜனேற்றும் திறன் குறைந்தது, பென்சீன் வளையத்தோடு நேரே இணைந்த ஆல்டிஹைடை அதனால் அசைக்க முடிவதில்லை. ஆகவே ஆடி வந்து செம்பு மட்டும் பேசாமலிருந்தால், அத்தகைய அரோமேட்டிக் ஆல்டிஹைடாக இருக்கலாம் என்று சந்தேகிக்கலாம். செம்பை மட்டும் நம்பிக் கீட்டோன் என்று எழுதிவிடுவது தவறு.

எதிர்ப்பக்கத்துச் சிக்கல் ஃப்ரக்டோஸ். பழங்களிலும் தேனிலும் உள்ள இந்தச் சர்க்கரையில் இருப்பது கீட்டோன் தொகுதி. ஆனாலும் ஆடியும் வரும், செந்நிறமும் வரும். இரண்டு கரைசல்களும் காரத்தன்மை உடையவை. காரத்தில் ஃப்ரக்டோஸ் உள்ளுக்குள் அணுக்களை மாற்றி அடுக்கிக்கொண்டு குளுக்கோஸாகவும் மேனோஸாகவும் உருமாறும், அவை இரண்டும் ஆல்டிஹைடுச் சர்க்கரைகள். எனவே சர்க்கரைக் கரைசலில் கீட்டோனைத் தேட இந்த இரண்டு சோதனைகளும் உதவா. அங்கே ரிசார்சினாலும் ஹைட்ரோகுளோரிக் அமிலமும் சேர்த்துச் சூடாக்கும் செலிவனாஃப் சோதனையைச் செய்ய வேண்டும்: ஃப்ரக்டோஸ் விரைவில் சிவக்கும், குளுக்கோஸ் தாமதமாகவே நிறம் காட்டும்.