குழந்தையின் பிழையான விடை

பட்டம் பெற்று ஆசிரியத் தொழிலை நாடுவோர் பலருக்குக் குழந்தை விருத்தியும் கற்பித்தலும் என்னும் பகுதி புதியதொன்றாகும். வரலாற்றையோ இலக்கியத்தையோ மூன்றாண்டுகள் கற்றவர், இப்பகுதிக்கு வந்ததும் அறிஞர்களின் பெயர்களையும் வயதெல்லைகளையும் நெட்டுருச் செய்யத் தொடங்கிவிடுகிறார். பரீட்சை மண்டபத்திலோ பெயரும் ஆண்டும் கேட்கப்படுவது குறைவு. ஒரு வகுப்பறை நிகழ்ச்சி தரப்பட்டு, ஆசிரியர் அடுத்துச் செய்ய வேண்டியது யாது என்றே பெரிதும் வினவப்படுகிறது. இன்றைய பேச்சில் ஒரேயொரு சோதனையை எடுத்துக்கொண்டு, அதனை எவ்வாறு கற்றால் இத்தகைய வினாக்களுக்கு விடை காணலாம் என்பதை விளக்க முற்படுகிறேன்.

முதலில் தேர்வின் அமைப்பைச் சுருக்கமாகக் கூறிவிடுவோம். இந்தியாவில் 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டத்தையொட்டி, தேசிய ஆசிரியர் கல்விக் குழு 2011இல் ஆசிரியர் தகுதித் தேர்வுக்கான நெறிமுறைகளை வகுத்தது. தாள் ஒன்றுக்கு 150 வினாக்கள். அவற்றுள் 30 வினாக்கள் குழந்தை விருத்தியும் கற்பித்தலும் பற்றியவை. முதலாம் தாள் 6 முதல் 11 வயதினரையும், இரண்டாம் தாள் 11 முதல் 14 வயதினரையும் கருத்திற் கொண்டவை. நம் நாட்டில் பட்டதாரி ஆசிரியர்கள் பயிலும் பட்டப்பின் கல்வி டிப்ளோமாவிலும் இதே பொருள் இடம்பெறுகிறது. ஆகவே பரீட்சையின் பெயர் வேறாயினும் கற்க வேண்டியது ஒன்றே.

இனிச் சோதனைக்கு வருவோம். சுவிற்சர்லாந்து நாட்டு அறிஞர் பியாஜே செய்து காட்டியது இது. கிளிநொச்சி மாவட்டத்து ஜெயபுரம் போன்ற ஊர்களில் இதற்கு வேண்டிய பொருள்களைத் தேடி அலைய வேண்டியதில்லை. பதினாறு புளியங்கொட்டைகள் போதும். எட்டெட்டாக இரண்டு வரிசைகளை, ஒன்றுக்கு நேர் ஒன்றாக, மேசைமேல் அடுக்குங்கள். ஐந்து வயதுச் சிறுமி ஒருத்தியை அழைத்து, இரண்டிலும் சமமாக இருக்கின்றனவா என்று கேளுங்கள். சமம் என்பாள். அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஒரு வரிசையின் கொட்டைகளை இடைவெளி விட்டு நீளப் பரப்புங்கள். மறுபடியும் அதே வினாவைக் கேளுங்கள். நீண்ட வரிசையிலேதான் கூட இருக்கிறது என்பாள். கொட்டை கூட்டப்படவில்லை, குறைக்கப்படவும் இல்லை. ஆயினும் அவளுக்குத் தொகை மாறிவிட்டது.

பொருளின் தோற்றம் மாறினும் அளவு மாறாது என்னும் இவ்வறிவையே அளவு மாறாமை என்கிறோம். இதனை அவள் இன்னும் பெறாமைக்குப் பியாஜே இரண்டு காரணங்கள் கூறினார். வரிசையின் நீளத்தில் மட்டும் அவள் கருத்து ஊன்றி நிற்கிறது. இடைவெளி கூடியதை அதனோடு சேர்த்து அவள் நோக்குவதில்லை. இது ஒருமுனைப்பாடு. பரப்பிய கொட்டைகளை மீண்டும் நெருக்கினால் பழைய வரிசையே வரும் என்று மனத்தில் பின்னோக்கிச் செல்லவும் அவளால் இயலவில்லை. இது மீள்திறன் இன்மை. இவ்விரண்டும் ஏறக்குறைய 2 முதல் 7 வயது வரையுள்ள செயற்பாட்டுக்கு முற்பட்ட பருவத்தின் அடையாளங்கள்.

பரீட்சார்த்திகள் தடுமாறும் இடமும் இதுவே. தன்னை மையமாகக் கொள்ளுதல் என்பது வேறு. பிறர் நிற்கும் இடத்திலிருந்து பொருள் எவ்வாறு தோன்றும் என்பதை எண்ணிப் பார்க்க இயலாமையே அது. பொருள் நிலைப்பு என்பதும் வேறு. மறைக்கப்பட்ட பொருள் இன்னும் இருக்கிறது என்று கைக்குழந்தை அறிவதே அது. வினாவில் நீளம், உயரம், அகலம் ஆகியவற்றுள் ஒன்றை மட்டும் குழந்தை நோக்கியதாகக் கூறப்பட்டிருந்தால் விடை ஒருமுனைப்பாடு என்று துணியலாம்.

வயதெல்லையையும் மதிலாகக் கருதலாகாது. எண்ணிக்கை மாறாமையை ஆறேழு வயதில் உணரும் பிள்ளை, களிமண் உருண்டையைத் தட்டையாக்கினாலும் அதன் நிறை மாறாது என்பதை உணர மேலும் ஈராண்டு மூவாண்டு செல்லலாம். ஒரே பிள்ளை ஒரு பொருளில் ஒரு பருவத்திலும் மற்றொன்றில் வேறொரு பருவத்திலும் நிற்றல் கூடும் என்பதைப் பியாஜேயே கண்டு கூறியுள்ளார்.

இச்சோதனைக்கு மறுப்பும் எழுந்தது. 1974இல் மக்காரிகிள், மார்கரெட் டொனால்ட்சன் என்னும் இருவர் இதனைச் சற்றே மாற்றிச் செய்தனர். வரிசையைப் பெரியவர் பரப்பாமல், குறும்புக்காரக் கரடிப் பொம்மையொன்று வந்து தற்செயலாகக் குலைத்துவிடுவதுபோல் நடத்தினர். முன்பு பிழைத்த வயதுப் பிள்ளைகளுள் மிகப் பலர் இப்பொழுது சமம் என்றே கூறினர். அதே ஆண்டில் ரோஸ், பிளாங்க் என்போர் முதல் வினாவை விட்டு, பரப்பிய பின்னர் ஒருமுறை மட்டுமே கேட்டனர். ஆறு வயதுப் பிள்ளைகளின் பிழைகள் குறைந்தன. காரணம் யாது? ஆசிரியர் ஒரே வினாவை இருமுறை கேட்டால், முதல் விடை பிழைபோலும் என்றே பிள்ளை எண்ணுகிறது. ஆகவே பிழையான விடையில் ஒரு பகுதி குழந்தையின் சிந்தனையிலிருந்தும், மற்றொரு பகுதி நாம் கேட்ட முறையிலிருந்தும் பிறக்கிறது.

இனி ஒரு மாதிரி வினாவைப் பார்ப்போம். ஆறு வயது மாணவி, நீளப் பரப்பிய வரிசையில் கொட்டைகள் கூட என்கிறாள். ஆசிரியர் செய்யத்தக்கது யாது? ஒன்று, சரியான விடையைக் கூறி மனனம் செய்விப்பது. இரண்டு, ஏழு வயது நிரம்பும்வரை காத்திருப்பது. மூன்று, ஏன் அவ்வாறு எண்ணுகிறாள் என்று கேட்டு, கொட்டைகளை அவளே மீண்டும் நெருக்கி நேருக்கு நேர் இணைத்துப் பார்க்கச் செய்வது. நான்கு, அவளைப் பின்தங்கியோர் குழுவிற் சேர்ப்பது.

வயதை மட்டும் மனனம் செய்தவர் இரண்டாம் விடையில் விழுவார். மூன்றாவதே தக்கது. அவள் காரணம் கூறும்போது அவள் கருத்து எதில் ஊன்றி நிற்கிறது என்பது வெளிப்படும். தானே நெருக்கிப் பார்க்கும்போது மனத்தால் செய்ய இயலாத மீள்செயலைக் கையால் செய்கிறாள். இங்கே உருசிய அறிஞர் வைகோட்ஸ்கியின் கருத்தும் துணைசெய்கிறது. பிள்ளை தனியே செய்யக்கூடியதற்கும் பிறர் துணையுடன் செய்யக்கூடியதற்கும் இடைப்பட்ட பரப்பை அவர் அண்மை விருத்தி வலயம் என்றார். கட்டடத்துக்குச் சாரம் கட்டிப் பின் அவிழ்ப்பதுபோல் துணையைப் படிப்படியாகக் குறைத்தல் சாரங்கட்டல் எனப்படும். இச்சொல் வைகோட்ஸ்கியுடையதன்று, 1976இல் வுட், புரூனர், ராஸ் என்னும் மூவர் வழங்கியது.

பரீட்சைக்கு அமர்வதற்கு முன்னர், ஐந்து, ஏழு, ஒன்பது வயதுப் பிள்ளைகள் மூவரிடம் தனித்தனியே இச்சோதனையைச் செய்யுங்கள். விடையை மட்டுமன்று, ஏன் என்னும் வினாவுக்கு அவர்கள் கூறும் சொற்களையும் அப்படியே குறித்துக்கொள்ளுங்கள். ஒன்றையும் கூட்டவில்லையே, குறைக்கவில்லையே என்றோ, திரும்ப நெருக்கினால் முன்போலவே வரும் என்றோ, நீளம் கூடினாலும் இடைவெளியும் கூடியிருக்கிறதே என்றோ ஒரு பிள்ளை காரணம் காட்டினால், அது அளவு மாறாமையை அடைந்துவிட்டது. சமம் என்று மட்டும் கூறி ஏன் என்றதற்கு விழிக்குமாயின், அடைந்துவிட்டது என்று துணிதற்கில்லை. இந்த வேறுபாட்டைக் காணாதவர் பரீட்சையில் ஓரிரு புள்ளிகளை இழப்பார். பின்னர் வகுப்பில், வாய்பாட்டை ஒப்பிக்கும் பிள்ளைக்கு எண் விளங்கிவிட்டது என்று கருதி அடுத்த பாடத்துக்குச் சென்றுவிடுவார்.