துறை மாறுபவரின் ரெஸ்யூமே: எதை முதலில் சொல்வது?

ஒன்பது ஆண்டுகள் தனியார் மேல்நிலைப் பள்ளியில் வேதியியல் நடத்திய ஆசிரியை ஒருவர், ஒரு நிறுவனத்தின் ஊழியர் பயிற்சிப் பிரிவில் சேர விண்ணப்பிக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அவருடைய ரெஸ்யூமே வழக்கமான பாணியில் இருக்கிறது. முதலில் 'கேரியர் அப்ஜெக்டிவ்', பிறகு எம்.எஸ்சி., பி.எட். மதிப்பெண் அட்டவணை, அதன் பின் பள்ளியின் பெயர், கடைசியில் தந்தை பெயரும் உறுதிமொழியும். அதைப் புரட்டும் எச்.ஆர். அலுவலருக்குத் தெரிவது 'டீச்சர்' என்ற பதவி மட்டுமே. தேடுவது ட்ரெயினர் என்பதால் அவர் அடுத்த விண்ணப்பத்துக்குப் போய்விடுவார்.

இந்த இடத்தில்தான் திறன்களை முன்னே வைக்கும் அமைப்பு உதவுகிறது. பெயருக்கும் தொலைபேசி எண்ணுக்கும் கீழே, எந்த வேலைக்கு வருகிறார், எந்த அனுபவத்தோடு வருகிறார் என்று இரண்டு மூன்று வரிகள். அடுத்து மூன்று திறன் தலைப்புகள், ஒவ்வொன்றின் கீழும் இரண்டு மூன்று சாதனைகள். அதற்குப் பிறகே பணி வரலாறும் படிப்பும்.

தலைப்புகளை நாமாகக் கற்பனை செய்யக்கூடாது. அதே வேலைக்கான ஐந்தாறு விளம்பரங்களை எடுத்துவைத்து, திரும்பத் திரும்ப வரும் சொற்களை அடிக்கோடிட வேண்டும். பயிற்சிப் பிரிவு வேலை என்றால் பயிற்சி வடிவமைப்பு, கற்றல் மதிப்பீடு, பலரை ஒருங்கிணைத்தல் ஆகிய மூன்றும் பெரும்பாலும் இருக்கும். நௌக்ரி போன்ற தளங்களில் ஆள் தேடுபவர்கள் இந்தச் சொற்களைத் தட்டித்தான் தேடுகிறார்கள். 'லெசன் பிளான்' என்று பள்ளி மொழியில் மட்டும் எழுதியிருந்தால் அந்தத் தேடலில் இவர் பெயர் வராமலே போகலாம்.

சாதனைகளை எழுதுவதுதான் கடினமான பகுதி. 'புதிய ஆசிரியர்களுக்கு வழிகாட்டினேன்' என்பது பழைய வரி. என்ன செய்தார், எத்தனை பேருக்கு, அதனால் என்ன நடந்தது என்று கேட்டுப் பார்த்தால் அந்த வரி இப்படி மாறும்: 'புதிதாகச் சேர்ந்த 6 ஆசிரியர்களுக்கு இரண்டு வார அறிமுகப் பயிற்சியைத் திட்டமிட்டு நடத்தினேன், அடுத்த 3 ஆண்டுகளும் பள்ளி அதையே பின்பற்றியது.' பள்ளியின் பெயரையும் அந்த வரியின் முடிவிலேயே சேர்த்துவிட வேண்டும். எங்கே செய்தது என்று தெரியாத சாதனையை யாரும் நம்புவதில்லை.

ஆசிரியர்கள் பெருமையோடு எழுதும் 'நூறு சதவீதத் தேர்ச்சி' இங்கே அவ்வளவாக எடுபடாது. அது பள்ளி உலகத்தின் அளவுகோல். அந்தத் தேர்ச்சி எப்படி வந்தது என்பதே நிறுவனத்துக்குப் பயன்படும். 'இடைத்தேர்வு விடைத்தாள்களை அலசி, பின்தங்கிய 25 பேரைக் கண்டறிந்து, தனி வகுப்புகள் நடத்தினேன். அனைவரும் தேர்ச்சி பெற்றனர்' என்று எழுதினால், அது கற்றல் மதிப்பீடு என்ற தலைப்பின் கீழ் சரியாகப் பொருந்தும்.

வரிசைக்கும் ஒரு கணக்கு உண்டு. இந்த ஆசிரியையைப் பார்த்ததும் எச்.ஆருக்கு எழும் முதல் சந்தேகம், 'பிள்ளைகளுக்குப் பாடம் எடுத்தவர், பெரியவர்களுக்குப் பயிற்சி கொடுப்பாரா?' என்பதுதான். ஆகவே, பெரியவர்களான ஆசிரியர்களுக்குப் பயிற்சி தந்த வரி எல்லாவற்றுக்கும் மேலே வர வேண்டும்.

பணி வரலாற்றை அடியோடு நீக்குவது பலர் செய்யும் தவறு. தேதிகள் இல்லாத ரெஸ்யூமேயைப் பார்த்தாலே, இடைவெளியை மறைக்கிறாரோ என்று எச்.ஆருக்குத் தோன்றிவிடும். பதவி, பள்ளி, சேர்ந்த ஆண்டு, விலகிய ஆண்டு ஆகியவற்றை ஒரே வரியில் தந்தால் போதும். இரண்டு பத்திகளாகப் பிரித்த வடிவம், கட்டங்கள், படங்கள் ஆகியவற்றையும் தவிர்ப்பது நல்லது. விண்ணப்பங்களை வாங்கிப் பிரிக்கும் மென்பொருள்கள் பலவும் இவற்றைச் சரியாகப் படிப்பதில்லை. தந்தை பெயர், திருமண நிலை, உறுதிமொழி எல்லாம் தனியார் வேலைக்குத் தேவையில்லை.

எண்களில் கவனம் வேண்டும். நேர்காணலில் 'அந்த 25 பேரை எப்படிக் கண்டறிந்தீர்கள்?' என்று கேட்டால் ஐந்து நிமிடம் பேச முடிய வேண்டும். பேச முடியாத எண்ணை எழுதாமல் விடுவதே மேல். இந்த அமைப்புக்கு எல்லையும் உண்டு. சட்டப்படி குறிப்பிட்ட பட்டமோ உரிமமோ தேவைப்படும் வேலைகளுக்கும், தனக்கென்று விண்ணப்பப் படிவம் வைத்திருக்கும் அரசுத் தேர்வுகளுக்கும் இது உதவாது.

எழுதி முடித்ததும், உங்கள் தொழிலைப் பற்றித் தெரியாத ஒருவரிடம் மேல் பாதியை மட்டும் காட்டி, 'இவர் எந்த வேலைக்கு விண்ணப்பிக்கிறார்?' என்று கேளுங்கள். பழைய வேலையின் பெயரைச் சொன்னால், திறன் தலைப்புகளையும் அவற்றின் முதல் வரிகளையும் மறுபடி எழுதுங்கள்.