இறங்குமுகத்தில் ஒரு ஈசிஎஸ்

2008 ஜனவரி தொடக்கத்தில் மும்பைப் பங்குச் சந்தையின் சென்செக்ஸ் 21,000-ஐத் தாண்டியது. அதே மாதக் கடைசியில், கும்பகோணத்தில் ஒரு பொதுத்துறை வங்கியின் கிளார்க், மாதம் 2,000 ரூபாய்க்கு இண்டெக்ஸ் ஃபண்ட் வாங்க எஸ்ஐபி தொடங்குகிறார். கிளார்க் கற்பனைப் பாத்திரம். அவரைச் சுற்றி வரும் சந்தை எண்கள் நிஜம். கணக்கு எளிதாக இருக்க, ஃபண்டின் ஒரு யூனிட் விலை சென்செக்ஸில் ஆயிரத்தில் ஒரு பங்கு என்றும், பணம் மாதத்தின் கடைசி வேலை நாளில் போகிறது என்றும் வைத்துக்கொள்வோம்.

முதல் தவணையில் யூனிட் விலை 17.65 ரூபாய், 113 யூனிட் கிடைத்தது. அக்டோபர் கடைசியில் விலை 9.79. அதே 2,000 ரூபாய்க்கு 204 யூனிட். கூடுதல் யூனிட் வருகிறதே என்று அவர் மகிழ்ந்திருப்பார் என நினைத்தால் தவறு. ஸ்டேட்மென்டில் கண்ணில் படுவது, போட்ட 20,000 ரூபாய் 13,500-க்கும் கீழே போய்விட்டது என்பதுதான்.

அவருடைய நாற்காலியும் சோதனையைக் கூட்டியது. அந்த மாதங்களில் வங்கிகள் வைப்பு நிதிக்கு 10 சதவீதத்தை ஒட்டி வட்டி கொடுத்தன. அந்த எஃப்டி ரசீதுகளைத் தன் கையாலேயே எழுதிக் கொடுத்துவிட்டு மாலையில் வீட்டுக்குப் போனால், “ஏங்க, ஊருக்கெல்லாம் பத்து வட்டி போட்டுக் குடுக்குறீங்க, நம்ம பணத்தை மட்டும் ஏன் அங்க கொண்டுபோய்க் கொட்டுறீங்க?” என்று மனைவி கேட்பார். அவரிடம் பதில் இல்லை. கவுன்ட்டரிலும், ஈசிஎஸ் பிடித்தத்தை நிறுத்தச் சொல்லிக் கடிதம் நீட்டுபவர்கள் பெருகியிருந்தார்கள்.

நவம்பரில் அவரும் ஒரு கடிதம் எழுதினார். ஆனால் ஃபண்ட் நிறுவனத்துக்குச் சில வாரங்கள் முன்னதாகவே அது போய்ச் சேர வேண்டும். அந்த மாதத் தவணை எப்படியும் போய்விடும். அடுத்த மாதம் பார்த்துக்கொள்ளலாம் என்று லெட்ஜருக்குள் செருகினார். டிசம்பரிலும் அதையே சொன்னார். இதை மன உறுதி என்று புகழ முடியாது. நிறுத்துவதற்கு ஒரு வேலை செய்ய வேண்டியிருந்தது. தொடர்வதற்கு எதுவும் செய்ய வேண்டியதில்லை. அவ்வளவுதான்.

2009 பிப்ரவரி கடைசியில் விலை 8.89. போட்டது 28,000, மதிப்பு 20,000-க்குச் சற்றுக் கீழே. மார்ச் 9 அன்று சென்செக்ஸ் 8,160-ல் முடிந்தது. அதுதான் அடித்தளம் என்று அன்று யாருக்கும் தெரியாது.

மே மாதம் மக்களவைத் தேர்தல் முடிவு வந்தது. அதை அடுத்த திங்கள், மே 18 அன்று, சென்செக்ஸ் ஒரே நாளில் 17 சதவீதத்துக்கு மேல் ஏறி, வர்த்தகமே நிறுத்தப்பட்டது. மாதக் கடைசியில் யூனிட் விலை 14.63. அவர் தொடங்கிய விலையைவிட இன்னும் 3 ரூபாய் குறைவு. ஆனாலும் அவர் போட்ட 34,000 ரூபாய் 40,367 ஆகியிருந்தது. மொத்தப் பணத்தையும் முதல் நாளே போட்டிருந்தால் கையில் 28,000 சொச்சம்தான் இருந்திருக்கும்.

அக்டோபர் தவணையோடு நிறுத்திவிட்டு, எதையும் விற்காமல் வைத்திருந்தவரின் கதைதான் இதில் முக்கியம். அவர் போட்ட 20,000 ரூபாய் மே கடைசியில் 20,147. ஆக, நம் கிளார்க்கின் 6,367 ரூபாய் லாபத்தில் 147 ரூபாய் போக மீதியெல்லாம் அந்தக் கடிதம் லெட்ஜருக்குள் கிடந்த ஏழு மாதத் தவணைகளில் வந்தது. (நிஜத்தில் லாபம் கொஞ்சம் குறையும். ஒவ்வொரு தவணையிலும் 2.25 சதவீதம் வரை நுழைவுக் கட்டணமாகப் பிடித்த காலம் அது. செபி அதை 2009 ஆகஸ்டில்தான் ஒழித்தது.)

இதற்கு எல்லை உண்டு. அவருக்குச் சம்பளம் தவறாமல் வந்தது. அதே குளிர்காலத்தில் ஆர்டர் குறைந்த திருப்பூர் பனியன் கம்பெனி ஊழியருக்கு 2,000 ரூபாய் ஒதுக்குவதே பெரும்பாடாக இருந்திருக்கும். அவர் வாங்கியது முப்பது கம்பெனிகள் கொண்ட குறியீடு. 2009 ஜனவரியில் சத்யம் பங்கை மட்டும் இப்படி மாதாமாதம் வாங்கியிருந்தவருக்கு இந்தக் கணக்கு உதவாது. குறியீடே நெடுங்காலம் எழாமலும் போகலாம். 1989 டிசம்பரில் 38,915-ஐத் தொட்ட ஜப்பானின் நிக்கேய், 2003-ல் 8,000-க்கும் கீழே கிடந்தது. பழைய உச்சத்தைத் தாண்ட 2024 வரை ஆனது.

ஜூலையில் கவுன்ட்டருக்குப் புதிய ஈசிஎஸ் படிவங்கள் வரத் தொடங்கின. விலை அப்போது 15-ஐத் தாண்டியிருந்தது. “அடுத்த தையில பொண்ணு கல்யாணம், அதுக்குள்ள ரெட்டிப்பாயிடுமா சார்?” என்றார் ஒருவர். கிளார்க் அந்தப் படிவத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு எஃப்டி விண்ணப்பத்தை எடுத்து நீட்டினார்.