வலீமா விருந்துக்கு எந்தத் தட்டு?

500 பேருக்கு பிரியாணி, தால்சா என்று முடிவானதும் தட்டு வாங்கப் போகிறோம். கடையில் மலிவாகத் தெரிவது தெர்மாகோல் தட்டு. அது ஒழுகாதுதான். ஆனால் சூடான எண்ணெய் பட்டால் இளகிவிடும், மக்கவும் மக்காது. தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் அதற்குத் தடையும் இருக்கிறது.

பிளாஸ்டிக் பூசிய காகிதத் தட்டும் அதே தடையில் வருகிறது. பூச்சு இல்லாத காகிதத் தட்டோ தால்சா ஊற்றிய சில நிமிடங்களில் ஊறி, தூக்கும்போது மடிந்துவிடும். வெறும் நெய்ச்சோறு என்றால் சமாளிக்கலாம்.

பாக்கு மட்டைத் தட்டுதான் விலை கூடுதல். தட்டுக்கு 3 ரூபாய் அதிகம் என்று வைத்துக்கொண்டாலும் 500 பேருக்கு 1,500 ரூபாய் ஆகும். உதிர்ந்த மட்டையைக் கழுவி, சூட்டில் அழுத்திச் செய்வதால் பசையோ பூச்சோ கிடையாது. தால்சா ஊற்றினாலும் விருந்து முடியும்வரை தாங்கும். வாங்கும்போது கட்டின் நடுவிலிருந்து இரண்டை உருவிப் பாருங்கள். கரும்புள்ளியும் பூசண வாடையும் இருந்தால் ஈரத்தோடு கட்டியது, வேண்டாம். வெடிப்பு இருக்கிறதா என்று தண்ணீர் ஊற்றியும் பார்க்கலாம்.

விருந்து முடிந்ததும் எலும்பைத் தனியாக எடுத்துவிட்டு, தட்டுகளை உடைத்துக் குழியில் போட்டு மண் மூடி, ஈரம் காயாமல் பார்த்துக்கொண்டால் சில மாதங்களில் எருவாகிவிடும். எலும்பும் இறைச்சியும் சேர்ந்து கிடந்தால் நாய்கள் குழியைத் தோண்டிவிடும்.

சஹனில் சேர்ந்து சாப்பிடும் ஊர்களுக்கு இந்தக் கணக்கே தேவையில்லை.