600 விஏ யூபிஎஸ் உங்கள் கம்ப்யூட்டரை எத்தனை நிமிடம் தாங்கும்? நீங்களே கணக்குப் போடலாம்

2024 ஜூன் 11, மதியம் 2.11 மணி. உத்தரப் பிரதேசத்தின் மண்டோலா துணை மின்நிலையத்தில் ஏற்பட்ட தீ காரணமாக டெல்லியின் பல பகுதிகளில் மின்சாரம் போனது. கொளுத்தும் வெயில் காலம். வீட்டிலிருந்து வேலை பார்த்த பலருக்கும் அப்போது ஒரே கேள்விதான்: மேசைக்கு அடியில் 'பீப்' அடிக்கும் அந்தச் சின்னப் பெட்டி இன்னும் எவ்வளவு நேரம் தாக்குப்பிடிக்கும்?

'அரை மணி நேரம் வரும் சார்' என்று சொல்லித்தான் கடையில் எனக்கு 600 விஏ யூபிஎஸ் ஒன்றைக் கொடுத்தார்கள். அந்த 600-க்கும் நேரத்துக்கும் சம்பந்தமே இல்லை. ஒரே சமயத்தில் எவ்வளவு சுமையைத் தாங்கும் என்பதை மட்டும்தான் அது சொல்லும். இந்த அளவு யூபிஎஸ் பெரும்பாலும் 360 வாட் வரைதான் தாங்கும். எவ்வளவு நேரம் என்பதை முடிவு செய்வது உள்ளே இருக்கும் பேட்டரி. வழக்கமாக அது 12 வோல்ட், 7 ஆம்பியர்-ஹவர். இரண்டையும் பெருக்கினால் 84 வாட்-ஹவர்.

அடுத்து, உங்க சுமை எவ்வளவு? கேபினெட்டுக்குள் இருக்கும் எஸ்எம்பிஎஸ்ஸில் '450 வாட்' என்று போட்டிருக்கும். அது உச்ச வரம்பு, உண்மையான செலவு இல்லை. செலவை அளக்க உங்க வீட்டு மின் மீட்டரே போதும். அதில் மினுக்கும் சிவப்பு விளக்குக்குப் பக்கத்தில் '3200 imp/kWh' போல ஒரு எண் இருக்கும். அதாவது 3200 முறை மினுக்கினால் ஒரு யூனிட். ஃப்ரிட்ஜ், ஃபேன் உட்பட எல்லாவற்றையும் அணைத்துவிட்டு, கம்ப்யூட்டர், மானிட்டர், வைஃபை ரூட்டர் மூன்றை மட்டும் ஓட விடுங்க. யூபிஎஸ் முழுசா சார்ஜ் ஆகியிருக்கணும், இல்லையென்றால் அது இழுக்கும் மின்சாரமும் கணக்கில் சேர்ந்துவிடும். ஐந்து நிமிடம் எண்ணுங்க. எனக்கு 29 மினுக்கல் வந்தது.

```
29 / 3200 × 1000 × 12 = 109 W
```

ஐந்து நிமிடத்தை ஒரு மணி நேரமாக்கத்தான் அந்த 12. சுமாராக 110 வாட் என்று வைத்துக்கொள்வோம்.

84-ஐ 110-ஆல் வகுத்தால் 46 நிமிடம் வருகிறதே என்று தோன்றும். பலரும் இங்கேதான் ஏமாறுகிறோம். அந்த 7 ஆம்பியர்-ஹவர் என்பது, பேட்டரியை 20 மணி நேரத்தில் மெதுவாகக் காலி செய்தால் கிடைக்கும் அளவு. நாம் அதைவிடப் பல மடங்கு வேகமாக உறிஞ்சுகிறோம். அவசரமாக இழுத்தால் ஈய-அமில பேட்டரி தன்னிடம் இருப்பதை எல்லாம் தராது. இந்தச் சுமையில் சுமார் 55 சதவீதம்தான் கிடைக்கும். அதிலும் டிசி மின்சாரத்தை ஏசியாக மாற்றும்போது ஐந்தில் ஒரு பங்கு வெப்பமாகப் போய்விடும்.

```
84 × 0.55 × 0.8 = 37 Wh
37 / 110 × 60 = 20 நிமிடம்
```

சரி, டெஸ்க்டாப்பை விட்டுவிட்டு 35 வாட் லேப்டாப்பும் 10 வாட் ரூட்டரும் மட்டும் மாட்டினால்? மெதுவாக இழுப்பதால் 55 சதவீதம் சுமார் 70 ஆகிவிடும். 84 × 0.7 × 0.8 என்றால் 47 வாட்-ஹவர். 45 வாட் சுமைக்கு ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேலேயே வரும். சுமை பாதிக்கும் கீழே குறைந்தது, நேரம் மூன்று மடங்கானது. லேப்டாப்புக்கு அதன் சொந்த பேட்டரி இருப்பதால், உண்மையில் ரூட்டரை மட்டும் யூபிஎஸ்ஸில் வைத்தாலே போதும். சில மாடல்கள் சுமை மிகவும் குறைந்தால் தானாகவே அணைந்துவிடும் என்பதை மட்டும் முன்கூட்டியே சோதித்துப் பாருங்க.

என் கணக்குப்படி 20 நிமிடம் வரவேண்டிய பெட்டி, போன மே மாதம் 9 நிமிடத்தில் கையை விரித்தது. பாதி அனுப்பிய டேட்டா ஃபைலும் போச்சு. கணக்கு தப்பில்லை, அது புது பேட்டரிக்கான கணக்கு. என்னுடையதுக்கு இரண்டரை வயது. இந்த பேட்டரிகளின் ஆயுள் 25 டிகிரி வெப்பநிலையை வைத்துச் சொல்லப்படுவது. அதற்கு மேல் ஒவ்வொரு 10 டிகிரிக்கும் ஆயுள் ஏறக்குறைய பாதியாகும். டெல்லி கோடையில், ஏசி இல்லாத அறையில், சுவரை ஒட்டிக் காற்றோட்டமில்லாமல் வைத்திருந்தேன். வேறென்ன நடக்கும்?

எனவே மூன்று மாதத்துக்கு ஒருமுறை சோதிப்பது நல்லது. வேலையை எல்லாம் சேமித்துவிட்டு, சுவர் ஸ்விட்சை அணைங்க. எர்த் இணைப்பு இருக்கணும் என்பதால் பிளக்கைப் பிடுங்க வேண்டாம். 'பீப்' சத்தம் வேகமாக அடிக்கத் தொடங்கும் வரை போனில் நேரம் பார்த்துவிட்டு, உடனே ஸ்விட்சைப் போட்டுவிடுங்க. முழுசா காலியாகவிட்டு அப்படியே வைத்தால் பேட்டரி கெடும். முதல் சோதனையில் வந்த நேரத்தை யூபிஎஸ் மேலேயே எழுதி ஒட்டிவிடுங்க. அதில் பாதிக்கு வந்துவிட்டால் பேட்டரியை மட்டும் மாற்றினால் போதும். புது யூபிஎஸ் தேவையில்லை.